மக்காச்சோளத்தில் உட்கலப்பு நலிவும் கலப்பின வீரியமும்

மக்காச்சோளச் செடி ஒன்றை அதன் சொந்த மகரந்தத்தைக் கொண்டே காய்க்க வைத்து, கிடைக்கும் விதையிலிருந்து வளரும் செடிகளையும் அதேபோல் தலைமுறை தலைமுறையாகக் காய்க்க வைத்தால், வம்சம் படிப்படியாக நலிந்துபோகும். செடி குட்டையாகும், தண்டு மெலியும், கதிர் சிறுக்கும், மணிகள் குறையும். சில வழிகள் விதையே பிடிக்காமல் அழிந்துவிடும். இதற்கு உட்கலப்பு நலிவு என்று பெயர். இப்படி நலிந்த இரண்டு வழிகளை, ஒன்றுக்கொன்று உறவில்லாதவையாகத் தேர்ந்து கலந்தால், அடுத்த தலைமுறையிலேயே ஆள் உயரத்தைத் தாண்டிய செடியும் நிறைந்த கதிரும் வந்துவிடுகின்றன. இது கலப்பின வீரியம். நலிவதற்குப் பல தலைமுறை பிடிக்கிறது, மீள்வதற்கு ஒரே தலைமுறை போதும். எதிரெதிரான இந்த இரண்டு விளைவுகளுக்கும் அடிப்படை ஒன்றே. அதை விளங்கிக்கொள்ள ஓங்கு தன்மை, மாறுபட்ட பண்பிணைவு என்ற இரண்டு கருத்துகள் தெரிந்தால் போதும்.

செடியும் தற்கலப்பும்

மக்காச்சோளத்தில் ஆண் பூக்களும் பெண் பூக்களும் ஒரே செடியில் தனித்தனி இடங்களில் இருக்கின்றன. உச்சியில் விரியும் கொண்டை ஆண் பூங்கொத்து. தண்டின் நடுவில் இலைக்கக்கத்தில் உருவாகும் கதிர் பெண் பூங்கொத்து. கதிரின் நுனியில் தொங்கும் பட்டுநூல் ஒவ்வொன்றும் ஒரு சூலுக்குச் செல்லும் வழி. ஒரு நூலில் ஒரு மகரந்தத்தூள் விழுந்து முளைத்தால் ஒரு மணி உருவாகும். கொண்டையிலிருந்து உதிரும் மகரந்தம் காற்றில் பரவுவதால், வயலில் ஒரு கதிரின் மணிகளில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு அக்கம்பக்கத்துச் செடிகளே தந்தை. ஒரே கதிரில் இருக்கும் மணிகளுக்குப் பல தந்தைகள் இருப்பார்கள். இயற்கையாகவே இது அயல்கலப்புப் பயிர்.

ஆகவே தற்கலப்புக்கு மனிதக் கை தேவைப்படுகிறது. பட்டுநூல் வெளியே தலைகாட்டும் முன்பே இளங்கதிரின் மேல் சிறிய காகித உறை போடப்படும். நூல்கள் உறைக்குள் வளரத் தொடங்கியதும் கதிர் நுனியை நறுக்கிவிட்டு மறுபடி மூடுவார்கள். மறுநாளைக்குள் நூல்கள் எல்லாம் ஒரே அளவில் தூரிகைபோல் வளர்ந்திருக்கும். அன்று மாலையே கொண்டைக்கும் பெரிய காகிதப் பை ஒன்றை மாட்டி அடியில் இறுக்கிவிடுவார்கள். முன்பே ஒட்டியிருந்த அயல் மகரந்தம் இரவில் உயிரிழந்துவிடும். மறுநாள் காலை கொண்டையை வளைத்துத் தட்டினால் மஞ்சள் தூள் பைக்குள் உதிரும். கதிரின் உறையை ஒரு கணம் மட்டும் விலக்கி, அந்தத் தூளை நூல்மேல் கொட்டி, உடனே மூடி, தேதியையும் வழியின் எண்ணையும் எழுதிவைப்பார்கள். அறுவடைவரை உறை கதிர்மேலேயே இருக்கும். இந்த வேலை ஒவ்வொரு செடியிலும் ஒவ்வொரு தலைமுறையிலும் நடக்க வேண்டும்.

ஷல் கண்டது

கலப்பில் பிறந்த மக்காச்சோளம் தற்கலப்பில் பிறந்ததைவிட உயரமாக வளர்வதைச் சார்லஸ் டார்வின் தன் தொட்டிச் செடிகளில் அளந்து, 1876இல் வெளியிட்ட நூலில் எழுதியிருந்தார். ஆனால் மெண்டலின் விதிகள் அப்போது பரவலாக அறியப்படாததால் காரணம் பிடிபடவில்லை. அந்த விதிகள் 1900இல் மீண்டும் வெளிச்சத்துக்கு வந்த பிறகு, அமெரிக்காவில் நியூயார்க் அருகே கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் ஜார்ஜ் ஹாரிசன் ஷல் மக்காச்சோளத்தைத் தற்கலப்புக்கு உட்படுத்தத் தொடங்கினார். கதிரில் மணிவரிசைகளின் எண்ணிக்கை எப்படி மரபாக வருகிறது என்று பார்ப்பதே அவர் நோக்கம். ஏறத்தாழ அதே காலத்தில் கனெக்டிகட் மாநில வேளாண் ஆய்வு நிலையத்தில் எட்வர்ட் ஈஸ்ட்டும் இதே வேலையைத் தனியாகச் செய்துகொண்டிருந்தார்.

ஷல்லின் பாத்திகளில் இரண்டு மாற்றங்கள் சேர்ந்தே நடந்தன. ஒவ்வொரு வழியும் தலைமுறைக்குத் தலைமுறை நலிந்தது. கூடவே, ஒரு வழிக்குள் இருந்த செடிகள் ஒன்றுபோலவே ஆகிவிட்டன. வழிக்கு வழி இலையின் நிறம், கதிரின் வடிவம், மணிவரிசைகளின் எண்ணிக்கை எல்லாம் தெளிவாக வேறுபட்டன. சாதாரண மக்காச்சோள வயல் என்பது எண்ணற்ற சிக்கலான கலப்பினச் செடிகளின் கூட்டம், தற்கலப்பு அதைத் தூய வழிகளாகப் பிரித்துக் காட்டுகிறது என்று அவர் 1908இல் முடிவுக்கு வந்தார். தூய வழிகளில் இரண்டைக் கலந்தபோது கிடைத்த செடிகள் சீராகவும் செழிப்பாகவும் இருந்தன. சில கலப்புகள், தற்கலப்புக்கு உட்படாத மூல ரகத்தையே விளைச்சலில் விஞ்சின.

நலிவு முடிவில்லாமல் தொடர்வதில்லை என்பதும் தெரியவந்தது. ஈஸ்ட் தொடங்கிய லீமிங் ரக வழிகளை டொனால்ட் ஜோன்ஸ் பல ஆண்டுகள் தொடர்ந்து வளர்த்தார். அவற்றில் செடியின் உயரம் முதல் சில தலைமுறைகளிலேயே ஒரு மட்டத்துக்கு வந்து நின்றுவிட்டது. விளைச்சல் இன்னும் சில காலம் மெல்லக் குறைந்து, பிறகு அதுவும் நின்றது. தற்கலப்பே நஞ்சாக இருந்தால் சரிவு நிற்கக் காரணமில்லை. தீர்ந்துபோகக்கூடிய ஏதோ ஒன்று குறைந்துகொண்டே வந்து, அது தீர்ந்ததும் சரிவும் நின்றிருக்கிறது.

தலைமுறைக்குப் பாதி

அப்படித் தீர்ந்துபோவது மாறுபட்ட பண்பிணைவு. ஒவ்வொரு மரபணுவும் செடியில் இரண்டு பிரதிகளாக இருக்கிறது. ஒன்று தாயிடமிருந்தும் மற்றொன்று தந்தையிடமிருந்தும் வந்தது. ஒரே மரபணுவின் வெவ்வேறு வடிவங்களை அல்லீல்கள் என்பார்கள். இரண்டு பிரதிகளும் ஒரே அல்லீலாக இருந்தால் ஒத்த பண்பிணைவு. AA, aa என்பவை அப்படி. இரண்டும் வேறாக இருந்தால் மாறுபட்ட பண்பிணைவு. அது Aa.

AA செடி தற்கலப்பில் AA செடிகளையே தரும், aa செடி aa செடிகளையே தரும். Aa செடியின் சந்ததியில் மட்டும் கால்பங்கு AA, பாதி Aa, கால்பங்கு aa என்று பிரியும். ஒத்த பண்பிணைவு ஏற்பட்டுவிட்டால் அந்த வழியில் திரும்பிப்போக வழியில்லை. எனவே ஒவ்வொரு தற்கலப்பிலும் மாறுபட்ட பண்பிணைவு பாதியாகக் குறைகிறது. தொடக்கத்தில் இருந்ததை 100 என்று வைத்தால் முதல் தலைமுறையில் 50, இரண்டாவதில் 25, மூன்றாவதில் 12.5. ஆறாவது தலைமுறையில் எஞ்சுவது 1.6 மட்டுமே. தொடக்கத்தில் சரிவு வேகமாகவும் பிறகு மெதுவாகவும் இருப்பதற்கும், கடைசியில் நின்றுவிடுவதற்கும் இந்தக் கணக்கே காரணம். ஒரு தூய வழியை உருவாக்க ஆறேழு தலைமுறை தற்கலப்பு செய்வதும் இதனால்தான்.

ஓங்கு அல்லீலின் நிழலில்

மாறுபட்ட பண்பிணைவு குறைந்தால் செடி ஏன் நலிய வேண்டும்? அதற்கு விடை ஓங்கு தன்மையில் இருக்கிறது. பச்சையம் உருவாகத் தேவையான ஒரு மரபணு பழுதாகிவிட்டதாகக் கொள்வோம். ஒரு பிரதி பழுதாகவும் மற்றது நன்றாகவும் இருக்கும் செடி பச்சையாகவே வளரும். நல்ல பிரதி ஒன்றே வேலையைச் செய்துவிடுகிறது. நல்ல அல்லீல் இங்கே ஓங்கு அல்லீல், பழுதானது ஒடுங்கு அல்லீல். அந்தச் செடியைத் தற்கலப்பு செய்து விதைத்தால், நான்கில் ஒரு நாற்று வெள்ளையாக முளைக்கும். விதையில் இருந்த உணவு தீர்ந்ததும் அது பட்டுப்போகும். மக்காச்சோளத்தில் தற்கலப்பு செய்பவர்கள் ஆரம்பத் தலைமுறைகளில் இத்தகைய வெள்ளை நாற்றுகளை அடிக்கடி பார்க்கிறார்கள்.

இப்படிப்பட்ட பழுதுகள் அயல்கலப்புப் பயிரில் நெடுங்காலம் தங்கிவிடுகின்றன. ஒடுங்கு அல்லீல் நூறு பிரதிகளுக்கு ஒன்று என்ற அளவில் இருந்தால், இரண்டு பிரதிகளும் பழுதான செடி பத்தாயிரத்தில் ஒன்றுதான் தோன்றும். அதைச் சுமந்துகொண்டு வெளியே நலமாகத் தெரியும் செடியோ ஐம்பதில் ஒன்று இருக்கும். இயற்கைத் தேர்வால் அந்த ஒற்றைச் செடியை மட்டுமே நீக்க முடிகிறது. மற்றவை தப்பிவிடுகின்றன. புதிய திடீர்மாற்றங்களும் அவ்வப்போது சேர்ந்துகொண்டே இருக்கின்றன.

வெள்ளை நாற்றைப்போல் உயிரை எடுக்கும் அல்லீல்கள் தற்கலப்பில் உடனே வெளிப்பட்டு, அந்தச் செடிகளோடு நீங்கிவிடும். நலிவுக்குப் பெரும் காரணம் சிறு சிறு குறைகள். வேர் சற்று மெலிதாவது, இலை சற்றுச் சுருங்குவது, மணி பிடிப்பது சற்றுக் குறைவது போன்ற விளைவுள்ள ஒடுங்கு அல்லீல்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. தனியாக எதுவும் செடியைக் கொல்லாது. அதனால் தேர்வில் தப்பி, தற்செயலாக ஒவ்வொரு வழியிலும் ஒரு பகுதி நிலைபெற்றுவிடுகிறது. அவற்றின் கூட்டுச்சுமையே உட்கலப்பு நலிவு.

நான்கு மரபணுக்களில் ஒரு கணக்கு

விளைச்சலைப் பாதிக்கும் நான்கு மரபணுக்களை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் இரண்டு நல்ல பிரதிகள் இருந்தால் 10 மதிப்பு, இரண்டும் குறையுள்ளவையாக இருந்தால் 4. ஒன்று நல்லது, மற்றது குறையுள்ளது என்றால் நடுமதிப்பான 7 வராமல், ஓங்கு தன்மையால் 9 வருகிறது என்று கொள்வோம்.

முதல் வழி AAbbCCdd. அதன் மதிப்பு 10 + 4 + 10 + 4 = 28. இரண்டாவது வழி aaBBccDD. அதுவும் 28தான். இரண்டையும் கலந்தால் எல்லாச் செடிகளும் AaBbCcDd ஆகும். மதிப்பு 9 × 4 = 36. ஒரு வழிக்கு இருக்கும் குறையை மற்றதன் நல்ல அல்லீல் ஈடுகட்டிவிடுகிறது.

இந்தச் சிறு கணக்கிலிருந்து மூன்று செய்திகள் கிடைக்கின்றன. முதலாவது, ஓங்கு தன்மை இல்லாமல் வீரியம் இல்லை. மாறுபட்ட இணையின் மதிப்பு சரியாக 7ஆக இருந்திருந்தால் கலப்பினமும் 28லேயே நின்றிருக்கும். இரண்டாவது, பெற்றோர் வேறுபடும் மரபணுக்களில் மட்டுமே வீரியம் பிறக்கிறது. இரண்டு வழிகளும் AAbbCCddஆகவே இருந்தால் கலப்பிலும் அதே 28தான். நெருங்கிய உறவுள்ள வழிகளைக் கலந்தால் பயன் குறைவாக இருப்பது இதனால்தான். மூன்றாவது, கலப்பினம் எட்டிய 36 உச்சவரம்பு அல்ல. AABBCCDD என்ற வழி கிடைத்தால் அதன் மதிப்பு 40. அது கலப்பினத்தையும் மிஞ்சும்.

தூய வழியே போதுமென்றால்

மூன்றாவது செய்தி ஒரு பெரிய விவாதத்தைக் கிளப்பியது. குறையுள்ள ஒடுங்கு அல்லீல்களை மறைப்பதுதான் வீரியம் என்றால், நல்லவை எல்லாம் சேர்ந்த ஒரு தூய வழி எப்போதாவது கிடைத்து, அது கலப்பினத்துக்கு நிகராக விளைந்திருக்க வேண்டும். அப்படி எதுவும் கிடைக்கவில்லை. ஆகவே ஷல்லும் ஈஸ்ட்டும் வேறு விளக்கத்தின் பக்கம் சாய்ந்தார்கள். இரண்டு வேறு அல்லீல்கள் ஒன்றாக இருப்பதே ஒரு தூண்டுதல், Aa என்பது AAவைவிடவும் மேலானது என்றார்கள். இந்தக் கருத்து பின்னாளில் மிகைஓங்கு தன்மை எனப்பட்டது.

இதற்கு ஜோன்ஸ் 1917இல் பதில் தந்தார். மரபணுக்கள் தனித்தனியாகத் திரிவதில்லை, குரோமோசோமில் வரிசையாக இணைந்திருக்கின்றன. ஒரு நல்ல அல்லீலுக்கு அருகிலேயே ஒரு குறையுள்ள அல்லீல் இருந்தால் இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே கடத்தப்படும். நல்லவற்றை மட்டும் பிரித்தெடுப்பது அரிது. இணைப்பு இல்லாவிட்டாலும் எண்ணிக்கையே தடையாக நிற்கும். மேலே சொன்ன கலப்பினத்திலிருந்து தற்கலப்பின் வழியே AABBCCDD கிடைக்கும் வாய்ப்பு பதினாறில் ஒன்று. பெற்றோர் பத்து மரபணுக்களில் வேறுபட்டால் அது 1,024இல் ஒன்று. இருபதில் வேறுபட்டால் ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒன்று. உண்மையில் விளைச்சலைப் பாதிக்கும் மரபணுக்களின் எண்ணிக்கை இருபதைவிட மிக அதிகம்.

ஆயினும் சில சோதனைகளில் மிகைஓங்கு தன்மை இருப்பதுபோலவே தெரிந்தது. அதற்கும் இணைப்பே காரணமாக இருக்கலாம். ஒரு குரோமோசோமில் A, b அருகருகேயும், அதன் இணையில் a, B அருகருகேயும் இருந்தால், இரண்டும் சேர்ந்து ஒரே மரபணுபோல் கடத்தப்படும். அப்போது மாறுபட்ட இணை இரு பெற்றோரையும்விட மேலாகத் தோன்றும். இதைச் சோதிக்க வட கரோலினா ஆய்வாளர்கள் ஒரு வழி கண்டார்கள். இரண்டு வழிகளின் கலப்பில் வந்த சந்ததியைப் பல தலைமுறை தங்களுக்குள் தாறுமாறாகக் கலக்கவிட்டார்கள். அப்படிச் செய்தால் அருகருகே உள்ள அல்லீல்களின் பிணைப்பு படிப்படியாகப் பிரியும். உண்மையிலேயே மிகைஓங்கு தன்மை இருந்தால் இதனால் மாறக்கூடாது. 1960களில் வெளியான முடிவுகளில், தலைமுறைகள் கடந்தபின் மதிப்பிட்ட ஓங்கு தன்மையின் அளவு குறைந்து, பகுதி ஓங்கு தன்மையின் எல்லைக்குள் வந்துவிட்டது. மக்காச்சோளத்தில் வீரியத்தின் பெரும்பகுதிக்கு, ஒடுங்கு அல்லீல்களை ஓங்கு அல்லீல்கள் மறைப்பதே காரணம் என்ற கருத்து இதனால் வலுப்பெற்றது. சில மரபணுக்களில் உண்மையான மிகைஓங்கு தன்மையும், வெவ்வேறு மரபணுக்கள் ஒன்றையொன்று பாதிக்கும் விளைவும் சிறு பங்கு வகிக்கக்கூடும்.

சேமித்த விதை ஏன் ஏமாற்றுகிறது

தமிழ்நாட்டில் வீரிய ஒட்டு மக்காச்சோளம் பயிரிடும் விவசாயி ஒவ்வொரு பருவத்துக்கும் புது விதை வாங்குவதன் காரணமும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. கலப்பினச் செடிகள் எல்லாம் AaBbCcDd. அந்த வயலில் விளைந்த மணியை விதைத்தால், ஒவ்வொரு மரபணுவிலும் கால்பங்கு 10, பாதி 9, கால்பங்கு 4 என்று பிரிகிறது. சராசரி 8. நான்கு மரபணுக்களுக்கும் சேர்த்து 32. பெற்றோரின் 28க்கும் கலப்பினத்தின் 36க்கும் நட்ட நடுவில் அது வந்து நிற்கிறது. மாறுபட்ட பண்பிணைவு பாதியானதும், பெற்றோரைவிடக் கூடுதலாகக் கிடைத்த பங்கும் பாதியாகிவிட்டது. செடிக்குச் செடி அமைப்பு மாறுவதால் வயலின் சீர்மையும் குலைகிறது. உயரமும் பூக்கும் நாளும் ஒன்றுபோல் இருக்காது.

இது வெறும் காகிதக் கணக்கல்ல. 1935இல் விஸ்கான்சினில் என். பி. நீல் வெளியிட்ட சோதனையில், பெற்றோர் வழிகள் சராசரியாக ஏக்கருக்கு ஏறத்தாழ 600 கிலோவும், அவற்றின் இருவழிக் கலப்பினங்கள் ஏறத்தாழ 1,600 கிலோவும் தந்தன. கலப்பினத்தின் விதையைச் சேமித்து விதைத்தபோது கிடைத்தது சுமார் 1,120 கிலோ. 600க்கும் 1,600க்கும் நடு 1,100. கணக்கும் வயலும் ஏறக்குறைய ஒத்துப்போயின. அதற்கடுத்த தலைமுறையில் விளைச்சல் மேலும் சரியவில்லை, அதே அளவில் நின்றது. வயலில் செடிகள் காற்றின் வழியே தங்களுக்குள் கலந்துகொள்வதால், முதல் சரிவுக்குப் பிறகு மாறுபட்ட பண்பிணைவு குறைவதில்லை. ஒவ்வொரு செடியையும் உறைபோட்டுத் தற்கலப்பு செய்திருந்தால் சரிவு தொடர்ந்திருக்கும்.

நான்கு வழிகளும் இரண்டு வழிகளும்

ஷல் சொன்ன முறை அறிவியலாகச் சரியாக இருந்தும் உடனே வயலுக்கு வரவில்லை. கலப்பின விதை, நலிந்த தாய்ச் செடியின் சிறிய கதிரிலேயே விளைந்தாக வேண்டும். விதை கொஞ்சமாகத்தான் கிடைக்கும், விலையும் கட்டாது. இதையும் ஜோன்ஸ்தான் தீர்த்தார். நான்கு தூய வழிகளை இரண்டு இரண்டாகக் கலந்து இரண்டு கலப்பினங்களை உருவாக்கி, மறு ஆண்டு அந்த இரண்டையும் கலந்தார். இப்போது தாய்ச் செடியே வீரியமான கலப்பினம், அதன் பெரிய கதிரில் விதை ஏராளமாகக் கிடைத்தது. இந்த நால்வழிக் கலப்பினங்கள்தான் 1930களில் அமெரிக்க மக்காச்சோள வயல்களில் வேகமாகப் பரவின. அயோவாவில் 1935இல் பத்தில் ஒரு பங்கு நிலத்தில்கூட இல்லாத கலப்பினம், அந்தப் பத்தாண்டின் முடிவுக்குள் பெரும்பாலான நிலத்தைப் பிடித்துவிட்டது.

நால்வழிக் கலப்பினத்தில் செடிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை, மிகச் சிறந்த இருவழிக் கலப்பினத்தின் விளைச்சலையும் அது எட்டுவதில்லை. ஆகவே தூய வழிகளையே திடமாக்கும் வேலை தொடர்ந்து நடந்தது. ஒவ்வொரு சுற்றுத் தேர்விலும் குறையுள்ள அல்லீல்கள் சில கழிந்தன, நல்லவை சில சேர்ந்தன. தாய் வழிகள் போதிய விதை தரும் அளவுக்குத் தேறியதும், 1960களில் இருவழிக் கலப்பினங்கள் வணிக அளவில் வரத்தொடங்கின. கலப்பில் ஒன்றையொன்று நன்றாக ஈடுகட்டும் வழிகளைத் தனித்தனிக் குழுக்களாகப் பராமரிக்கும் பழக்கமும் உறுதிப்பட்டது. ஒரு குழுவுக்குள் தற்கலப்பும் தேர்வும் நடக்கும். விற்பனைக்குப் போகும் கலப்பினத்துக்கு ஒரு பெற்றோர் ஒரு குழுவிலிருந்தும் மற்றவர் வேறு குழுவிலிருந்தும் வருவார்கள். அயோவாவில் உருவான B73, மிசூரியில் உருவான Mo17 என்ற இரண்டு வழிகளின் கலப்பு இதற்குப் பேர்பெற்ற எடுத்துக்காட்டு. இவற்றின் டி.என்.ஏ.வை ஒப்பிட்டபோது, ஒன்றில் இருக்கும் சில மரபணுக்கள் மற்றதில் அடியோடு இல்லை என்றே தெரியவந்தது. கலப்பினத்துக்கு இரண்டின் மரபணுக்களும் கிடைக்கின்றன.

ஆனால் எந்த வழி எதோடு நன்றாகச் சேரும் என்பதை வழியின் தோற்றத்தையோ தனி விளைச்சலையோ பார்த்து உறுதியாகச் சொல்ல முடியாது. எந்தக் குறையை எது மறைக்கும் என்பது நூற்றுக்கணக்கான மரபணுக்களில் சிதறிக்கிடக்கிறது. அதனால் இன்றும் நூற்றுக்கணக்கான சோதனைக் கலப்புகளைப் பல இடங்களில், பல ஆண்டுகள் வளர்த்துப் பார்த்தே சில கலப்பினங்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இன்றைய தூய வழிகள் நூறாண்டுக்கு முந்தைய வழிகளைவிடப் பல மடங்கு விளைகின்றன. அவற்றில் கழிக்கப்பட்ட ஒவ்வொரு குறையும் கலப்பினத்தின் விளைச்சலையும் கூட்டியிருக்கிறது. கழியாமல் எஞ்சிய குறைகளை மட்டுமே கலப்பு மறைக்கிறது.